"பானைத் தண்ணி ஏன் டீச்சர் குளிருது?" – ஐந்தாம் வகுப்பு மாணவியின் மூன்று நிமிட அறிவியல் உரையைத் திட்டமிடுதல்

பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். 1928-இல் அதே நாளில் சர் சி.வி.இராமன் தம் ஒளிச்சிதறல் கண்டுபிடிப்பை அறிவித்தார். அந்நாளையொட்டி நம் பள்ளிகளில் அறிவியல் கண்காட்சி நடக்கும். மேசையில் மாதிரி இருக்கும், பின்னால் அட்டை தொங்கும், அருகில் குழந்தை நிற்கும். நடுவர் வந்ததும் குழந்தை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும். நடுவர் இடையில் ஒரு கேள்வி கேட்டால் உரை அறுந்துவிடும். குழந்தை மறுபடியும் "அனைவருக்கும் வணக்கம்" என்று முதலிலிருந்து தொடங்கும்.

பத்து வயதுக் குழந்தைக்கு நினைவாற்றல் போதவில்லை என்று இதற்குப் பொருளில்லை. அந்த உரையில் அக்குழந்தை செய்ததும் பார்த்ததும் இல்லை என்பதே காரணம். எங்கள் வாசுதேவநல்லூர்ப் பகுதிப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்திக்காக நான் திட்டமிட்ட மூன்று நிமிட உரையை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். அதிகம் பேசாத மாணவி அவள். ஆய்வு மண்பானையைப் பற்றியது. எந்தப் பள்ளியிலும் இருநூறு ரூபாய்க்குள் செய்துவிடலாம்.

1. தலைப்பு வேண்டாம், கேள்வி வேண்டும்

அவளுடைய அண்ணன் முதலில் எழுதிக்கொடுத்த தலைப்பு "ஆவியாதலும் அதன் பயன்களும்". அதை வைத்து எதையும் செய்து பார்க்க முடியாது, படிக்கத்தான் முடியும். "உங்க வீட்டுல குடிக்கத் தண்ணி எதுல வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். "பானைல டீச்சர்." "குடத்துல ஏன் வைக்கல?" "பானைத் தண்ணிதான் ஜில்லுன்னு இருக்கும்." சற்று நேரம் கழித்து அவளே கேட்டாள்: "பானைத் தண்ணி ஏன் டீச்சர் குளிருது?"

அதுதான் எங்கள் தலைப்பாயிற்று. கேள்வி பொருத்தமானதா என்று பார்க்க நான் மூன்று அளவுகோல்கள் வைத்திருக்கிறேன். அது குழந்தையின் வாயிலிருந்து வந்த சொற்களில் இருக்க வேண்டும். ஒரு கருவியால் அளந்து விடை காண முடிய வேண்டும். ஒரே பள்ளி நாளில் முடிவு தெரிய வேண்டும். செடி வளர்ப்பது போன்ற பல வார ஆய்வுகளில் பத்து வயதுக் குழந்தைக்கு முதல் வாரம் பார்த்தது கடைசி வாரம் நினைவிருக்காது. பானையில் காலையில் ஊற்றிய தண்ணீருக்கு மாலைக்குள் விடை கிடைத்துவிடும்.

லண்டனில் மைக்கேல் பாரடே 1860-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் சிறுவர்களுக்கு ஆறு சொற்பொழிவுகள் ஆற்றினார். ஆறுக்கும் பொருள் ஒரு மெழுகுவர்த்திதான். அவருக்கே ஒரு பொருள் போதுமாக இருந்தது. மூன்று நிமிட உரைக்கு ஒரு பானைக்கு மேல் தேவையில்லை.

2. முதலில் ஊகத்தை எழுதி வாங்குதல்

ஆய்வைத் தொடங்கும் முன் அவளுடைய ஊகத்தை நோட்டில் எழுதச் சொன்னேன். "மண் குளிர்ச்சி. அதனால தண்ணியும் குளிர்ச்சி" என்று எழுதினாள். நம் ஊரில் பெரியவர்களும் இதையே சொல்வார்கள். இதை நான் திருத்தவில்லை. திருத்தியிருந்தால் செய்து பார்க்க ஒன்றும் மீந்திருக்காது. ஊகம் தவறாக இருப்பது உரைக்கு நல்லது. "நான் இப்படி நினைத்தேன், ஆனால் இப்படி நடந்தது" என்று சொல்லும் இடத்தில்தான் கேட்பவர் நிமிர்ந்து உட்காருகிறார்.

அந்த ஊகத்தைச் சோதிக்க என்ன செய்வது? மண்பானையையும் எவர்சில்வர் பாத்திரத்தையும் அருகருகே வைப்பதுதான் வழக்கமாகச் செய்வது. இதில் ஒரு குறை உண்டு. பானைத் தண்ணீர் குளிர்ந்தால் "பார்த்தீர்களா, மண் குளிர்ச்சி" என்றும் சொல்லலாம், "நீர் ஆவியாகிறது" என்றும் சொல்லலாம். இரண்டில் எது சரி என்று அந்த ஆய்வு காட்டாது. மண் அப்படியே இருக்க, நீர் வெளியேறும் வழியை மட்டும் அடைத்த மூன்றாவது பாத்திரம் ஒன்று தேவை. அதனால் ஒரே அளவுள்ள இரண்டு கலயங்கள் வாங்கி, ஒன்றின் வெளிப்புறம் முழுவதும் பெயிண்ட் அடித்தோம். இந்த ஆய்வின் உயிர் அந்தப் பெயிண்ட் அடித்த கலயம்தான்.

3. செய்த முறை

ஏறக்குறைய ஒரு லிட்டர் கொள்ளும் மெருகிடாத புதிய மண்கலயங்கள் இரண்டு, அதே அளவு எவர்சில்வர் செம்பு ஒன்று, மூன்றுக்கும் ஒரே மாதிரி மூடித் தட்டுகள், மூன்று பிரிமணைகள், வெப்பநிலைமானி ஒன்று. இவ்வளவுதான் பொருள்கள்.

கலயம் வாங்கும்போது கவனம் தேவை. உள்ளும் புறமும் பளபளப்பு ஏற்றிய அலங்காரப் பானைகளில் நுண்துளைகள் அடைபட்டிருக்கும், அவை குளிராது. வீட்டில் நாள்பட்டுப் புழங்கிய பானையிலும் தண்ணீரின் உப்புப் படிந்து துளைகள் அடைபட்டிருக்கும். புதிய சாதாரணக் கலயமே நல்லது.

ஒரு கலயத்தை நன்றாக வெயிலில் காயவைத்த பிறகு வெளிப்புறம், அடிப்புறம், வாய் விளிம்பு ஆகியவற்றில் எனாமல் பெயிண்ட் இரண்டு கை அடித்தேன். இந்த வேலையை ஆசிரியர் செய்வதே நல்லது. ஈரம் இருக்கும்போது அடித்தால் பெயிண்ட் கொப்புளித்து உரிந்துவிடும். நிறம் செங்காவியாக இருக்கட்டும். வெள்ளை அடித்தால் "நிறத்தால் வந்த வேறுபாடாக இருக்கலாமே" என்ற கேள்விக்கு இடம் கொடுத்துவிடுவோம். இரண்டு நாள் உலரவிட வேண்டும்.

முதல் நாள் மாலையே இரண்டு கலயங்களிலும் தண்ணீர் ஊற்றி வைத்துவிட வேண்டும். புதுக் கலயம் முதலில் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஊறாத கலயத்தில் ஆய்வைத் தொடங்கினால் முதல் ஒரு மணி நேரம் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். கலயத்துக்கு அடியில் ஒரு செய்தித்தாளை விரித்து வையுங்கள். காலையில் தாளில் ஓரிடத்தில் மட்டும் குட்டையாக ஈரம் தேங்கியிருந்தால் அது கீறல், கலயத்தை மாற்ற வேண்டும். சுற்றிலும் மெல்லிய ஈரப்படிவு இருந்தால் அது கசிவு, நமக்கு வேண்டியது அதுதான்.

மறுநாள் காலை 9.30-க்கு மூன்றையும் காலி செய்து, ஒரே வாளியிலிருந்து ஒரே அளவு தண்ணீர் ஊற்றி மூடினோம். காற்று வரும் தாழ்வாரத்தில், வெயில் படாமல், பிரிமணை மேல் வைத்தோம். மணிக்கு ஒருமுறை அளந்தோம். மூடி வைப்பதற்கும் காரணம் உண்டு. வாய் வழியாக நீர் ஆவியாவதைத் தடுத்தால்தான் சுவர் வழியாக நடப்பது மட்டும் தெரியும்.

வெப்பநிலைமானி பற்றி ஒரு சொல். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது. அதன் அளவீடு 35 டிகிரி செல்சியசில்தான் தொடங்குகிறது. நமக்குத் தேவைப்படுவது இருபதுகளில் உள்ள அளவுகள். அருகிலுள்ள உயர்நிலைப் பள்ளி ஆய்வகத்தில் சிவப்புச் சாராயம் நிரப்பிய ஆய்வக வெப்பநிலைமானியைக் கேட்டு வாங்குங்கள். பாதரசம் உள்ளதைச் சிறு குழந்தைகள் கையில் கொடுக்க வேண்டாம்.

அளப்பதில் குழந்தைகள் வழக்கமாகச் செய்யும் பிழை, வெப்பநிலைமானியை வெளியே எடுத்துக் கண்ணருகே பிடித்துப் பார்ப்பது. எடுத்தவுடனே அளவு மாறத் தொடங்கிவிடும். ஒரு குச்சியால் தண்ணீரைக் கலக்கி, குமிழ் சுவரில் படாமல் நடுத்தண்ணீரில் நிற்குமாறு பிடித்து, நூறு எண்ணி, தண்ணீருக்குள் இருக்கும்போதே கண்ணைக் கோட்டின் நேருக்குக் கொண்டுவந்து படிக்கப் பழக்கினேன். முழு டிகிரியாகப் படித்தால் போதும். அரை டிகிரிக்கு நாங்கள் போகவில்லை.

4. கிடைத்த அளவுகள்

முதல் நாள் அவள் நோட்டில் எழுதியது இது:

காலை 9.30: மூன்றிலும் 29 டிகிரி.
காலை 11.30: சாதாரணக் கலயம் 27, பெயிண்ட் அடித்த கலயம் 30, செம்பு 30.
பகல் 2.30: சாதாரணக் கலயம் 26, பெயிண்ட் அடித்த கலயம் 31, செம்பு 32. அந்த நேரம் தாழ்வாரத்துக் காற்று 33.

மாலையில் மூன்றிலும் பழைய மட்டத்துக்குத் தண்ணீர் நிரப்பச் சொன்னேன். இருமல் மருந்துப் புட்டியின் 10 மி.லி. மூடியால் ஊற்றினாள். சாதாரணக் கலயத்துக்கு ஐந்து மூடி தேவைப்பட்டது. மற்ற இரண்டுக்கும் ஒரு மூடிகூடத் தேவைப்படவில்லை. "அஞ்சு மூடி தண்ணி எங்க டீச்சர் போச்சு?" என்று கேட்டாள். ஆவியாதல் பாடம் அந்தக் கேள்வியில் தொடங்கியது. இன்னும் இரண்டு நாள் திரும்பச் செய்தோம். எண்கள் ஒரு டிகிரி முன்பின் இருந்தாலும் வரிசை மாறவில்லை.

பெயிண்ட் அடித்த கலயமும் மண்தான். ஆனால் அது குளிரவில்லை. ஆகவே "மண் குளிர்ச்சி" என்ற ஊகம் நிற்கவில்லை. இதை அவளே சொல்லும்வரை காத்திருந்தேன். மூன்றாம் நாள்தான் சொன்னாள்.

5. ஆசிரியர் அறிந்திருக்க வேண்டியது

உரையில் வராவிட்டாலும் நாம் தெளிவாக வைத்திருக்க வேண்டியவை சில உண்டு. நீர் ஆவியாக வெப்பம் வேண்டும். நம் அறை வெப்பநிலையில் ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி வெப்பம் தேவை. நூறு கிராம் நீரிலிருந்து மட்டுமே அதை எடுத்தால் அந்நீர் ஏறத்தாழ ஆறு டிகிரி குளிர்ந்துவிடும். கலயத்தின் சுவரில் கசிந்த நீர் ஆவியாகும்போது சுவரிலிருந்தும் உள்ளிருக்கும் நீரிலிருந்தும் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. அதே வேளையில் வெளிக்காற்றும் கலயத்தைச் சூடாக்கிக்கொண்டே இருக்கிறது. இரண்டும் சமமாகும் இடத்தில் வெப்பநிலை நின்றுவிடுகிறது. ஐம்பது மி.லி. போயும் மூன்று டிகிரிதான் குறைந்தது என்றால், மிச்ச வெப்பம் காற்றிலிருந்து வந்தது என்று பொருள்.

எவ்வளவு குளிரலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. வெப்பநிலைமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி விசிறியால் வீசுங்கள். அளவு இறங்கி ஓரிடத்தில் நிற்கும். எங்களுக்கு 24-இல் நின்றது. அன்றைய காற்றில் எந்தப் பானையும் அதற்குக் கீழே போகாது. காற்றில் ஈரப்பதம் கூடினால் இந்த எல்லையும் மேலே ஏறும். தென்காசி, குற்றாலம் பக்கம் ஜூன், ஜூலையில் சாரல் அடிக்கும் நாளில் ஈரத்துணி அளவு காற்றின் அளவுக்கு ஓரிரு டிகிரிதான் கீழே இருக்கும். அன்று இதே கலயம் குளிராது. கண்காட்சி சாரல் காலத்தில் வந்தால் இந்த ஆய்வைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அல்லது சாரலையே கேள்வியாக்குங்கள்.

குழந்தைகளிடம் வரும் ஒரு குழப்பத்தையும் கவனிக்க வேண்டும். ஐஸ் போட்ட எவர்சில்வர் டம்ளரின் வெளியே துளிகள் நிற்கும். "அதுவும் வேர்க்குது, பானையும் வேர்க்குது" என்று இரண்டையும் ஒன்றாகச் சொல்வார்கள். டம்ளரின் துளி வெளிக்காற்றிலிருந்து வந்தது, பானையின் ஈரம் உள்ளிருந்து வந்தது. டம்ளருக்குள் வண்ண நீர் ஊற்றிக் காட்டினால் வெளித்துளி நிறமின்றி இருப்பதைப் பார்த்து அவர்களே பிரித்துக்கொள்வார்கள்.

6. ஆறு அட்டைகள்

இனி உரை. முழு உரையை எழுதிக்கொடுத்தால் குழந்தை அதை மனப்பாடம் செய்யும். ஒரு சொல் மறந்தால் எல்லாமே நின்றுவிடும். அதனால் எழுதிய தாளுக்குப் பதிலாக உள்ளங்கை அளவில் ஆறு அட்டைகள் வெட்டினோம். ஒவ்வொன்றிலும் ஒரு படமும் அதிகம் போனால் நான்கு சொற்களும் மட்டுமே. அவளே வரைந்து எழுதினாள்.

முதல் அட்டை: கேள்வி. பானையின் படமும் ஒரு கேள்விக்குறியும்.
இரண்டாம் அட்டை: நான் நினைத்தது. "மண் குளிர்ச்சி".
மூன்றாம் அட்டை: செய்தது. மூன்று பாத்திரங்களின் படம், "ஒரே தண்ணி, ஒரே நேரம்".
நான்காம் அட்டை: பார்த்தது. 26, 31, 32. கீழே "5 மூடி".
ஐந்தாம் அட்டை: தெரிந்தது. சுவரிலிருந்து மேலே போகும் அம்புக்குறிகள்.
ஆறாம் அட்டை: தெரியாதது. மழை மேகம்.

அட்டையைப் பார்த்து அவள் முதன்முறை பேசியபோது ஐந்தரை நிமிடம் ஆயிற்று. பெரும்பகுதி நேரம் மூன்றாம் அட்டையிலேயே போனது. கலயம் வாங்கிய கடை, பெயிண்டின் விலை, யார் தண்ணீர் தூக்கினார்கள் என்பதெல்லாம் வந்தன. குழந்தைகளுக்குச் செய்ததைச் சொல்வதில்தான் ஆர்வம் அதிகம். அதை அவசரமாக வெட்டாமல், "இதைச் சொல்லலைன்னா கேக்குறவங்களுக்கு ஆய்வு புரியாமப் போகுமா?" என்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கேட்டேன். புரியும் என்றால் அவளே நீக்கினாள். கடையும் விலையும் போயின. "மூணுக்கும் மூடி போட்டோம்" என்பது மட்டும் இருக்கட்டும் என்று அவள் வாதாடினாள். அவள் சொன்னது சரிதான்.

அண்ணன் எழுதிய தாளில் "உள்ளுறை வெப்பம்", "நுண்துளைப் பரப்பு" என்றெல்லாம் இருந்தன. நான் கடைப்பிடிக்கும் விதி இது: தன் தம்பிக்கு விளக்க முடியாத சொல் உரையில் வரக் கூடாது. "ஆவியாதல்" பாடப்புத்தகத்தில் வரும் சொல், அதை விளக்க அவளால் முடிந்தது, இருந்துவிட்டது. "உள்ளுறை வெப்பம்" போய்விட்டது. "நுண்துளை" என்பது "கண்ணுக்குத் தெரியாத சின்ன ஓட்டை" ஆயிற்று.

ஒரு வார முடிவில் உரை ஏறக்குறைய இப்படி அமைந்தது. ஒவ்வொரு முறையும் சொற்கள் சற்று மாறின, வரிசை மாறவில்லை:

"எங்க வீட்டுல பானைத் தண்ணி ஜில்லுன்னு இருக்கும். அது ஏன்னு தெரிஞ்சுக்க ஆசைப்பட்டேன். மண் குளிர்ச்சி, அதனாலதான்னு முதல்ல நினைச்சேன். அது சரியான்னு பாக்க மூணு பாத்திரம் எடுத்தோம். இது சாதாரணக் கலயம். இதுவும் கலயம்தான், ஆனா வெளிய பெயிண்ட் அடிச்சிருக்கு. இது செம்பு. மூணுலயும் ஒரே வாளித் தண்ணிய ஒரே நேரத்துல ஊத்தி, மூடி போட்டு நிழல்ல வச்சோம். காலைல மூணும் 29 டிகிரி. மத்தியானம் ரெண்டரைக்கு செம்புல 32, பெயிண்ட் கலயத்துல 31, இந்தக் கலயத்துல 26. இதுல மட்டும் அஞ்சு மூடி தண்ணி குறைஞ்சிருந்துச்சு. மூணு நாளும் இப்படித்தான் வந்துச்சு. ரெண்டு கலயமும் மண்ணுதான். மண் குளிர்ச்சின்னா ரெண்டும் குளிரணும். பெயிண்ட் அடிச்சது குளிரல. அதனால நான் நினைச்சது தப்பு. கலயத்துல கண்ணுக்குத் தெரியாத சின்ன ஓட்டைங்க இருக்கு. அது வழியா தண்ணி வெளிய வந்து ஆவியாப் போகுது. போகும்போது உள்ள இருக்கிற சூட்டையும் எடுத்துட்டுப் போகுது. மழைக் காலத்துலயும் இப்படிக் குளிருமான்னு எனக்குத் தெரியல. ஜூன் மாசம் செஞ்சு பாப்பேன்."

பேச்சுத் தமிழில் இருக்கிறதே என்று சிலர் தயங்கலாம். பத்து வயதில் சிந்திப்பதும் விளக்குவதும் பேச்சுத் தமிழில்தான் தடையின்றி நடக்கின்றன. எழுத்துத் தமிழ் அட்டையிலும் அறிக்கையிலும் இருக்கட்டும்.

7. கையும் வாயும் சேர்ந்து நடத்தல்

பேசும்போது கைகளை என்ன செய்வது என்று தெரியாமல்தான் குழந்தைகள் விறைத்து நிற்கிறார்கள். ஒவ்வோர் அட்டைக்கும் ஒரு செயலை இணைத்தோம். மூன்றாம் அட்டையில் மூன்று பாத்திரங்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டுவாள். நான்காம் அட்டையில் மருந்து மூடியை எடுத்துக் காட்டுவாள். ஐந்தாம் அட்டையில் நடுவரின் புறங்கையில் ஈரப்பஞ்சால் ஒரு கோடு இழுத்து, "ஊதிப் பாருங்க" என்பாள். குளிர்ச்சி அவருக்கே தெரியும். அடுத்து என்ன பேச வேண்டும் என்பதைக் கை நினைவூட்டிவிடும். இரண்டாம் வாரத்தில் அட்டைகள் மேசை மேல் கிடந்தன, அவள் எடுக்கவில்லை.

பழகும்போது கண்ணாடி முன் நிற்க வைக்கவில்லை. முதலில் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளிடம் பேசினாள். அவர்கள் புரியாததை உடனே கேட்பார்கள். "பெயிண்ட் எதுக்கு அடிச்ச?" என்று மூன்று பேர் கேட்டார்கள். அதிலிருந்துதான் "மண் குளிர்ச்சின்னா ரெண்டும் குளிரணும்" என்ற வாக்கியம் உரைக்குள் வந்தது. பிறகு சத்துணவு அமைப்பாளர் அக்காவிடம், கடைசியாகத் தலைமையாசிரியரிடம் பேசினாள். உரையை நடுவில் நிறுத்தி ஒரு கேள்வி கேட்குமாறு ஒவ்வொருவரிடமும் முன்பே சொல்லிவைத்தேன். விடை சொல்லிவிட்டு, நிறுத்திய அட்டையிலிருந்தே தொடர முடிகிறதா என்பதுதான் என் சோதனை. முதலிலிருந்து தொடங்கினால் அது இன்னும் மனப்பாடமாகவே இருக்கிறது என்று அறியலாம்.

8. நடுவரின் கேள்விகள்

கேள்விகளை மூன்று வகையாகப் பிரித்துக் கொடுத்தேன். செய்ததைப் பற்றிய கேள்விக்கு நோட்டைத் திறந்து காட்ட வேண்டும். "ஏன்" என்ற கேள்விக்குப் பாத்திரத்தைத் தொட்டுக் காட்டி விடை சொல்ல வேண்டும். செய்து பார்க்காததைப் பற்றிய கேள்விக்கு "செஞ்சு பாக்கல" என்று சொல்லி, எப்படிச் செய்து பார்க்கலாம் என்று ஒரு வாக்கியம் சேர்க்க வேண்டும். மூன்றாம் வகைதான் பழகக் கடினமானது. "தெரியாது" என்று சொன்னால் மதிப்பெண் போய்விடும் என்று குழந்தைகள் அஞ்சி ஏதாவது சொல்லிவிடுகிறார்கள்.

கண்காட்சி நாளில் அவளிடம் வந்த கேள்விகளில் ஒன்று, "பெரிய பானையில் வைத்தால் இன்னும் அதிகமாகக் குளிருமா?" அவள் சற்று யோசித்தாள். "செஞ்சு பாக்கல சார். சின்னது ஒண்ணு, பெருசு ஒண்ணு பக்கத்துல பக்கத்துல வச்சு அளக்கணும்." அவர் விடவில்லை. "நீ என்ன நினைக்கிறே?" "பெருசு மெதுவாக் குளிரும்னு நினைக்கேன் சார், தண்ணி நிறைய இருக்குல்ல." ஊகத்தையும் உண்மையையும் தனித்தனியாகச் சொன்னாள். பத்து வயதில் இதற்கு மேல் நாம் எதிர்பார்ப்பதற்கில்லை.

நடுவராகச் செல்லும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வரையறை கேட்காதீர்கள். "முதல்ல என்ன நினைச்சே?", "எந்த நாள் சரியா வரல?" என்று கேளுங்கள். தானே செய்த குழந்தைக்கு இவை எளிய கேள்விகள். பிறர் செய்துகொடுத்ததைக் கொண்டுவந்த குழந்தைக்குத்தான் கடினமாக இருக்கும்.

9. இன்னும் பேச விரும்பும் குழந்தைக்கு

பயன் என்ன என்று கேட்டால் சொல்ல ஒரு செய்தி கொடுத்து வைக்கலாம். நைஜீரியாவில் குயவர் குடும்பத்தில் பிறந்த ஆசிரியர் முகமது பா அப்பா, பெரிய மண்பானைக்குள் சிறிய மண்பானை வைத்து, இடையில் ஈரமணல் நிரப்பி, மின்சாரம் இல்லாத ஊர்களில் காய்கறி வாடாமல் காக்க வழி செய்தார். 2000-ஆம் ஆண்டு அதற்கு ரோலக்ஸ் விருது பெற்றார். குஜராத்தின் வாங்கானேரைச் சேர்ந்த மன்சுக்பாய் பிரஜாபதி களிமண்ணால் குளிர்பெட்டி செய்தார். ஆனால் இவை உரைக்குள் வர வேண்டாம், கேட்டால் மட்டும் சொல்லட்டும். உரைக்குள் வந்தால் அவள் அளந்த 26 டிகிரியை இவை மறைத்துவிடும்.

அடுத்த கட்டமும் உண்டு. தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் 10 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் தம் ஆய்வை முன்வைக்கலாம். தமிழ்நாட்டில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் அதை ஒருங்கிணைக்கிறது. அதற்கு ஒரு நாள் ஆய்வு போதாது. பிப்ரவரி, ஏப்ரல், ஜூன் என மூன்று பருவங்களில் அதே கலயங்களை அளந்து, ஈரத்துணி அளவையும் பக்கத்தில் எழுதினால், ஆறாம் அட்டையின் மழை மேகத்துக்கு எண்களால் விடை கிடைக்கும்.

10. நாள் வரிசை

கண்காட்சிக்குப் பதினைந்து நாள் முன்பு கேள்வியையும் ஊகத்தையும் எழுதி வாங்குங்கள். அன்றே கலயத்துக்குப் பெயிண்ட் அடியுங்கள். நான்காம் நாள் மாலை ஊறவையுங்கள். ஐந்து, ஆறு, ஏழாம் நாள்களில் அளவுகள். எட்டாம் நாள் "என்ன தெரிந்தது" என்ற பேச்சு. ஒன்பதாம் நாள் அட்டைகள். பத்தாம் நாள் முதல் சிறு வகுப்பு, சத்துணவுக் கூடம், தலைமையாசிரியர் அறை என்ற வரிசையில் பேச்சு. கடைசி நாள் பேச்சுப் பயிற்சி வேண்டாம். அன்று கலயத்தை மறுபடியும் ஊறவைப்பது மட்டுமே வேலை. காலையில் கண்காட்சிக்குத் தூக்கிச் செல்லும்போது சுவர் ஈரமாக இருக்க வேண்டும். காய்ந்த கலயம் நடுவர் வரும் நேரத்துக்குள் குளிர்ந்திருக்காது.